பேக்கரிக் கதவின் பின்பக்கம்

தருமபுரியில் கலெக்டர் ஆபீசுக்குப் போகிற சாலையில், ஒரு ஜெராக்ஸ் கடையை ஒட்டி என் அறை. கன்னடத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. கர்நாடகத்தில் நிலம் வாங்கியவர்கள், லாரி விற்றவர்கள், அங்கே செத்துப் போன உறவினரின் இறப்புச் சான்றிதழோடு அலைபவர்கள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். கல்யாணத்துக்காக என்னிடம் வந்தவர்கள் ஒரே ஒரு குடும்பம்தான். அவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. கடைசியில் சிரிப்பு நின்றுவிடுகிறது.

இண்டூர் பக்கத்து விவசாயக் குடும்பம். அப்பா, அவருடைய தம்பி, கல்யாணப் பெண் என மூன்று பேர் வந்தார்கள். பெண் தருமபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறவள். மாப்பிள்ளை நம்ம பக்கத்து ஆள்தான், பெங்களூரில் சொந்தமாக பேக்கரி வைத்திருக்கிறார் என்று தரகர் சொல்லியிருக்கிறார். பெண் பார்த்துவிட்டுப் போயாயிற்று, எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் தரகர் ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறார். பெண் பார்க்க வருவதற்கு முன்னால் கடைக்குள்ளேயே எடுத்ததாம். பின்னால் கண்ணாடிக் கதவு, அதற்கு முன்னால் மாப்பிள்ளை கைகட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

அந்தப் போட்டோவைப் படித்தவர் சித்தப்பா. பெங்களூரில் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தக் குடும்பத்தில் கன்னடத்துக்கு அவர்தான் சுப்ரீம் கோர்ட்டு.

"மேடம், நீங்களே பாருங்க. கன்னடத்துல தெளிவா எழுதியிருக்குது. இறுதிச் சடங்குப் பொருட்கள் கிடைக்கும்னு. பேக்கரின்னு பொய் சொல்லிட்டு பாடை கட்ற சாமான் விக்கிறானுங்க" என்றார்.

"எந்தத் தொழிலும் கேவலம் இல்லீங்க" என்றேன்.

"தொழில் கேவலம்னு நான் சொல்லலீங்க. பொய்தான் கேவலம்" என்று சொன்னது அந்தப் பெண். அதுவரை அவள் வாயே திறக்கவில்லை. "ஒரே ஒரு தடவைதாங்க பேசினோம். கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க வேலைய விட வேணாம், எங்க கடைகிட்டயே லேப் இருக்குது, அங்க சேந்துக்கலாம்னு சொன்னாரு. அதுக்காகத்தான் சரின்னேன். கடை விஷயமே பொய்யின்னா, அதுவும் பொய்யாத்தானே இருக்கும்?"

விஷயம் அவ்வளவுதான். அவர் சொன்ன சொல்லை நம்பலாமா, கூடாதா. இதற்கிடையில் பாப்பாரப்பட்டியிலிருக்கும் தாய்மாமன், சாவுச் சாமான் விற்கிற வீட்டு நிச்சயத்துக்கு வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு விட்டாராம். யாராவது விவரம் தெரிந்தவர் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தால்தான் நம்புவாராம். ஒரு போட்டோவுக்குச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு! என் ஆயுசில் அதுவரை அப்படி ஒன்று செய்ததில்லை.

போட்டோவை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சித்தப்பா படித்தது சரிதான், ஒரு எழுத்துப் பிசகில்லை. ஆனால் மாப்பிள்ளையின் தலைக்கு இருபுறமும் பெரிய சிவப்பு எழுத்துகள் வேறு ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை யாரும் கண்டுகொள்ளவே இல்லை.

"இது என்னங்க?" என்றேன்.

"அது தெலுங்குங்க" என்றார் சித்தப்பா, கொஞ்சமும் யோசிக்காமல்.

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. தெரியாத எழுத்தையெல்லாம் தெலுங்கின் தலையில் கட்டுகிற பழக்கம் இந்தப் பக்கத்தில் படித்தவர்களுக்கே உண்டு. இது தெலுங்கு இல்லை, திரும்பிக் கிடக்கிற கன்னடம் என்றேன். கன்னடம் எதற்குத் திரும்பிக் கிடக்க வேண்டும் என்றார் அவர். நியாயமான கேள்விதான்.

வாயால் சொல்லிப் புரியவைப்பது வீண் என்று அவர்களை என் கதவைப் பார்க்கச் சொன்னேன். என்னுடையதும் கண்ணாடிக் கதவுதான். அதில் 'மொழிபெயர்ப்பு' என்று நீல ஸ்டிக்கரில் ஒட்டியிருக்கிறது. ரோட்டில் போகிறவர்களுக்காக ஒட்டியது. உள்ளே உட்கார்ந்திருக்கிற எனக்கு அது எப்போதும் இடவலம் மாறித்தான் தெரியும், கடைசி எழுத்து முதலில் வரும். ஆனால் அதே கண்ணாடி வழியாக எதிர்ப்பக்கத்து டீக்கடை போர்டு நேராகத் தெரியும். கண்ணாடி எதையும் திருப்புவதில்லை. கண்ணாடியின் மேல் ஒட்டியதை நாம் முதுகுப் பக்கமிருந்து பார்க்கிறோம், அவ்வளவுதான். தலைகீழாகவும் ஆகாது. மேலே இருப்பது மேலேதான் இருக்கும்.

சித்தப்பா நம்பவில்லை. வெளியே போய்ப் படித்தார், உள்ளே வந்து படித்தார், மறுபடி வெளியே போனார். அப்பாவும் கூடவே போனார். அண்ணன் வெளியே நின்று "மொழி... பெயர்ப்பு" என்று உரக்கப் படிக்க, தம்பி உள்ளே நின்று, "இங்க அப்படி இல்லண்ணா!" என்று கத்தினார். ஜெராக்ஸ் கடைக்கு வந்தவர்கள் அவர்களைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒருவர், ஸ்டிக்கரைத் தலைகீழாக ஒட்டிவிட்டேனா என்று என்னிடமே அக்கறையாகக் கேட்டார்.

"சரிங்க. ஆனா போட்டோவுல எது கண்ணாடி மேல இருக்குது, எது ரோட்டுல இருக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று கேட்டாள் பெண். மூன்று பேரில் அவளுக்குத்தான் கேட்கத் தெரிந்திருந்தது.

போட்டோவில், கதவுக்கு வெளியே ஒரு ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. சிவப்பு எழுத்துகள் அந்த ஆட்டோவின் மேல் அப்பிக் கிடந்தன, ஆட்டோவின் பாதியை அவை மறைத்தன. ஆனால் இறுதிச் சடங்கு போர்டின் கீழ் ஓரத்தை ஆட்டோவின் கூரை மறைத்தது. அப்படியென்றால் சிவப்பு எழுத்து ஆட்டோவுக்கு இந்தப் பக்கம், கண்ணாடியில். போர்டு ஆட்டோவுக்கு அந்தப் பக்கம், எதிர் வரிசையில். வெறும் பிரதிபலிப்பாக இருந்தால் ஆவிபோல மங்கலாக இருக்கும், பின்னால் இருப்பது அதனூடே தெரியும். இது அப்படி இல்லை. ஆகவே நேராகத் தெரிகிற எழுத்து அவர் கடையுடையது அல்ல, திரும்பித் தெரிவதுதான் அவருடையது. முதலில் எது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும், பிறகுதான் படிக்க வேண்டும், அதற்கும் பிறகுதான் மொழிபெயர்ப்பு.

போட்டோவை போனில் இடவலமாகத் திருப்பினேன். சிவப்பு எழுத்துகள் எழுந்து நேராக நின்றன. ஐயோ பாவம், பேக்கரிதான். 'பிரெட், பன், பிறந்தநாள் கேக்' என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது.

அத்தோடு போயிருக்கலாம். ஆனால் அப்பா அவசரக்காரர். திருப்பிய போட்டோவை என் போனிலிருந்து வாங்கி, குடும்ப வாட்ஸாப் குழுவில் 'பேக்கரி உறுதியானது' என்று போட்டுவிட்டார். ஒன்றைத் திருப்பினால் மற்றதெல்லாமும் திரும்பும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் போன்கள் வரத் தொடங்கின. முதலில் ஒரு அத்தை.

"மாப்பிள்ளைக்கு சட்டைப் பை வலது பக்கம் இருக்குதே, அது என்ன சட்டை? லேடீஸ் சட்டையா?"

அடுத்தது பாப்பாரப்பட்டித் தாய்மாமன். "வாட்ச்ச வலது கையில கட்டியிருக்கான். இடது கைக்காரனா? முன்னாடியே ஏன் சொல்லல? பின்னாடி ஏதோ உருதுல வேற எழுதியிருக்குது!"

உருதுவாகிவிட்டது இறுதிச் சடங்கு போர்டு. திருப்பியதில் அதுதான் இப்போது முதுகைக் காட்டியது. சித்தப்பா, "நான் அன்னிக்கே தெளிவா படிச்சேன், இப்ப பாரு, யாராலயும் படிக்க முடியல" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

நான் அசல் போட்டோவை போனில் திறந்து மேஜையில் வைத்து, வெள்ளைத்தாளை எடுத்து எழுத உட்கார்ந்தேன். இந்த மாதிரிப் படத்துக்கு, எழுத்து எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் மொழிபெயர்ப்பு. இல்லையென்றால் பன்னும் பாடையும் ஒரே கடையில் விற்பதாக ஆகிவிடும். 'கதவுக் கண்ணாடியில், உள்ளிருந்து இடவலம் மாறித் தெரிவது: பேக்கரி. சாலையின் எதிர்ப்புறம், நேராகத் தெரிவது: இறுதிச் சடங்குப் பொருட்கள் கிடைக்கும்.' இரண்டாவது வரியை விட்டுவிடும்படி அப்பா கெஞ்சினார். தெரிகிற எழுத்தை விட்டுவிட்டு சீல் போட மாட்டேன் என்றேன்.

"அப்ப இதையும் எழுதணுமுங்களா?" என்று கேட்டாள் பெண்.

கதவின் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். எழுத்துப் பக்கம் ரோட்டைப் பார்த்திருந்தது. உள்ளிருந்து தெரிந்தது வெறும் முதுகு. நான் அதை வெற்றுத்தாள் என்றே விட்டிருந்தேன். ஆனால் வெளியே நல்ல வெயில், அச்சு லேசாகக் கசிந்து இந்தப் பக்கமும் தெரிந்தது. மங்கலாக, இடவலம் மாறி. திருப்பி, கறுப்பைக் கூட்டி, பெரிதாக்கினேன். 'கெலசக்கெ ஹெங்கசரு பேகாகித்தாரெ.'

சித்தப்பாவே முந்திக்கொண்டார். "வேலைக்குப் பொம்பளைங்க தேவை."

"நல்லதுதானே. கடை நல்லா ஓடுது, ஆள் போதல" என்றார் அப்பா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாவது வரியாக எழுதிவிட்டு சீலைத் தேடினேன். பெண் மட்டும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். மாவு பிசைகிற மெஷின் சத்தம் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பேக்கரி என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

"ஒண்ணும் இல்லீங்க. உங்க கடைக் கதவுல வேலைக்குப் பொம்பளைங்க தேவைன்னு ஒட்டியிருந்துச்சே. ஆள் கிடைச்சுட்டாங்களா?"

மாப்பிள்ளை மனம் விட்டுச் சிரித்தார். நல்ல மனிதருடைய சிரிப்பு, ஒளிவு மறைவே இல்லை.

"அதுங்களா? அத அன்னிக்கே கிழிச்சுட்டேனுங்க. உங்களப் பாத்துட்டு ஊருக்குத் திரும்பி வந்தேன் பாருங்க, அன்னிக்கே. இனி வெளியாளு எதுக்குங்க?"

அப்பா என்னைப் பார்த்தார், அதையும் நான் மொழிபெயர்க்க வேண்டும் என்பது போல. அது தமிழில்தான் இருந்தது.

"சரிங்க" என்றாள் பெண். குரலில் கோபமே இல்லை. "திரும்ப ஒட்டிடுங்க."

போனை வைத்துவிட்டு, சீல் வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்தாள். அப்பா அவள் பின்னாலேயே போனார். சித்தப்பா மட்டும் கதவருகே கொஞ்சம் நின்றார்.

"ஆனா மேடம்," என்றார், "நான் படிச்சது ஒண்ணும் தப்பில்லைங்களே?"

தப்பில்லை என்றேன்.