என் விடைக்குறிப்பில் இல்லாத ஓரிரவு வட்டி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே இருக்கும். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், ராமநாதபுரத்தில் பொருளியல் விடைத்தாள் திருத்தும் முகாமில், அது ஒரு சிவப்புக் கோடாக வந்து விழுந்தது.

"மைய வங்கியின் இடைநிலை இலக்கு எது, இயக்க இலக்கு எது?" பதினைந்து மதிப்பெண். கேள்வியும் நான் எழுதியது, விடைக்குறிப்பும் நான் எழுதியது. மைய வங்கி கடைசியில் காக்க நினைப்பது விலைவாசியை. அதை நேராகப் பிடிக்க முடியாது என்பதால், நடுவில் நாட்டிலுள்ள பணத்தின் மொத்த அளவை இலக்காக வைக்கும். அதுவே இடைநிலை இலக்கு. அந்த அளவும் நேராகக் கைக்கு எட்டாது. தினமும் கைக்கு எட்டுவது மற்ற வங்கிகள் மைய வங்கியிடம் வைத்திருக்கும் கையிருப்பு. அதை இயக்கும், ஆகவே அது இயக்க இலக்கு. இருபது வருடமாக வகுப்பில் இதையே சொல்லி எழுதவைத்தேன்.

அந்தத் தாளில் முதல் வரியே வேறு மாதிரி இருந்தது. "பணத்தின் அளவு இப்போது இடைநிலை இலக்கு அல்ல. இயக்க இலக்கு, வங்கிகள் ஒன்றுக்கொன்று கொடுக்கும் ஓரிரவுக் கடனின் வட்டி." கோடு போட்டு சைபர் கொடுத்தேன். மற்ற கேள்விகளைக் கூட்டினால் முப்பத்தொன்று. நாற்பது எடுத்தால்தான் தேர்ச்சி. அந்த முகம் தெரியாத பிள்ளை ஒன்பது மதிப்பெண்ணில் போகிறது. மீதியில் என்ன உளறியிருக்கிறது பார்ப்போம் என்றுதான் வாசித்தேன்.

"ஆடி அமாவாசை நெருங்கினால் எங்கள் பக்கத்து வங்கிகளில் எல்லோரும் நோட்டு எடுப்பார்கள். தீபாவளிக்கு நாடு முழுவதும் எடுப்பார்கள். நோட்டு வெளியே போகப் போக வங்கிகளின் கையிருப்பு குறையும். அளவைக் கூட்டமாட்டேன் என்று மைய வங்கி பிடிவாதமாக இருந்தால், பற்றாக்குறை வங்கிகள் கடனுக்கு மோதிக்கொள்வதால் ஓரிரவு வட்டி எகிறும். யாரும் தப்பு செய்யவில்லை, சாமி கும்பிடப் போனார்கள். வட்டியை நிறுத்திவைத்து, கேட்கிற அளவைக் கொடுத்தால் திருவிழா முடிந்ததும் அது திரும்பி வந்துவிடும்."

கீழே இன்னும் நான்கு வரி. "மக்கள் எவ்வளவு பணம் வைத்துக்கொள்ள விரும்புவார்கள் என்பது நிலையாக இருந்தால் அளவைப் பிடித்து விலைவாசியைப் பிடிக்கலாம். கார்டும் புதுவகைக் கணக்குகளும் வந்தபின் அது நிலையாக இல்லை. அளவுக்கும் விலைக்கும் இருந்த கயிறு தொய்ந்துவிட்டது."

ஆடிக்கு ஆடி, அமாவாசைத் தீர்த்தமாட அக்காள்மடம் ஊரைத் தாண்டி பஸ்ஸில் நசுங்கிப் போனவள்தான் நானும். கடலில் முங்கும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மடியில் முடிந்த நோட்டு எங்கோ ஒரு வட்டியை இழுக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ஒரே ஒரு ராத்திரிக்கான வட்டி. மைய வங்கிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, மாதக்கணக்கில் பொறுத்திருந்து, வீட்டுக் கடனையும் வியாபாரத்தையும் கடைசியில் அரிசி விலையையும் நகர்த்தப் பார்க்கிறார்கள். இவ்வளவு பெரிய நாட்டை இவ்வளவு சின்னப் பிடியால் பிடிக்க முடியுமா என்று பிரமித்துப் போய் உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் சந்தேகம் போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எதிரிலிருந்த வங்கிக் கிளைக்குப் போய் மேலாளரைக் கேட்டேன்.

"இங்கன நமக்கு அந்த வேலை இல்ல மேடம், எல்லாம் ஹெட் ஆபீஸ்ல பாக்குறது" என்றார். "மைய வங்கி நமக்குக் கடன் குடுக்குற வட்டி மேல. மிச்சப் பணத்த வாங்கி வச்சுக்கிட்டுத் தர்ற வட்டி கீழ. ஓரிரவு வட்டிய ரெண்டுக்கும் நடுவுல நிப்பாட்டப் பாக்குறாக."

"அப்ப பணத்தோட அளவு?"

"அதையும் பாக்குறாகதான். கணக்குல எடுக்குற பத்து விசயத்துல அதும் ஒண்ணு, அம்புட்டுத்தான். இது ஆச்சு, ஏழு வருசம் இருக்கும்."

ஏழு வருடமாக நான் ஏட்டுச் சுரைக்காயைக் கறி சமைத்துப் பரிமாறியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு தலைமைத் தேர்வாளரிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"ஆன்சர் கீயில என்ன இருக்கோ அதுக்குத்தான் மார்க்கு" என்றார். "கீ நீங்க போட்டதுதான மேடம்?"

"தப்பாப் போட்டுட்டேன் சார்."

தாளை வாங்கி அந்த விடையை வாசித்தார். "எழுதிக் குடுங்க. ஆனா திருத்துன கட்டு அம்புட்டையும் பிரிக்கணும்."

எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளுக்குப் பதின்மூன்று போட்டேன். நாற்பத்துநான்கு, தேர்ச்சி. சாயங்காலம் வரை கட்டுகளைப் பிரித்ததில், அதே விடைக்கு நான் கோடு போட்ட தாள் இன்னும் இரண்டு கிடைத்தன. மதிப்பெண்ணைத் திருத்திக் கையெழுத்துப் போட்ட பிறகுதான், முந்தின வருடங்களிலும் இதே குறிப்பை வைத்துத் திருத்தியிருக்கிறேன் என்பது உறைத்தது.

"சார், முந்தின வருசத் தாளுக எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் அப்பவே எடைக்குப் போட்டாச்சே மேடம்" என்றார்.