மொய் எழுதாத ஆள்

ஆனந்த்ராஜ் நூற்பாலை ஒன்றில் ஃபிட்டர். நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு பேகம்பூரில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறார்.

ஆலை படுக்கப்போவதை அவர் முதலில் பார்த்தது குடோனில். கூரை வரை அடுக்கியிருந்த பஞ்சுப் பொதிகள் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தன. பிறகு மூன்றாம் ஷிப்டை நிறுத்தினார்கள். ஒருநாள் போனில் பி.எப். கணக்கைத் திறந்து பார்த்தார். சம்பளத்தில் பிடித்த பணம் இரண்டு மாதமாக ஏறவே இல்லை.

வேலை போனால் நாலு மாதமாவது தாங்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தார். வாடகை, அரிசி, காஸ், மாத்திரை, வட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தனிக் கணக்கு. நினைத்தபோது எடுத்துவிடக் கூடாதென்று அதற்குக் கார்டு வாங்கவில்லை. பைக்கை விற்று அதன் தவணையை முடித்தார். மிச்சத்தில் போன் ஆப்பில் வாங்கிய கடனை அடைத்தார். வட்டி அதில்தான் அதிகம். அம்மா சங்கிலியின் நகைக்கடனுக்கு இப்போதைக்கு வட்டி மட்டும்.

இடித்தது மொய்தான். இருபது வருடமாக ஊரார் விசேஷத்துக்கெல்லாம் எழுதியிருக்கிறார். மற்றவர்களுக்கு அது என்றாவது திரும்பி வரும். இவர் வீட்டில் விசேஷமே இல்லை.

"ஏலே ஆனந்து, ஒரு காதுகுத்தாச்சும் வைய்யி" என்பார் கூட வேலை பார்க்கும் ஆண்டிச்சாமி.

"யாரு காதுக்கு?"

"ஒங்காதுக்குத்தேன். இம்புட்டுப் பெரிய காது, ரெண்டு எடத்துல குத்தலாம்."

ஆலையில் இவரிடம் இப்படிப் பேச அவர் ஒருவர்தான்.

ஆண்டிச்சாமி மகள் மணிமேகலைக்கு ஆவணியில் கல்யாணம். ஐயாயிரத்துக்குக் குறைத்து எழுத முடியாது. தனிக் கணக்கில் சேர்ந்திருந்ததோ மூன்றரை மாதச் செலவுக்கு. மைக்கில் பேரும் தொகையும் வாசிக்கிற மேசையைத் தாண்டி, வெறுங்கையோடு பந்திக்குப் போகக் கால் வராது. போகவில்லை. அன்று தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாமல் மோர்ச்சோறு சாப்பிட்டார்.

நாலாவது மாதத்துக்கும் பணம் சேர்ந்த புரட்டாசியில், ஆலை கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மறு அறிவிப்பு வரை உற்பத்தி இல்லை.

கூட்டத்தில் ஆண்டிச்சாமி நின்றார். "நீ பொழச்சுக்குவ. சேத்து வச்சிருப்ப."

"மொய்க்கு எடுத்தா கொறஞ்சிரும்னுதேன்... கல்யாணத்துக்கு வரல, ஆண்டி."

ஆண்டிச்சாமி ரோட்டுப் பக்கம் திரும்பினார். "கடைசிப் பந்தி வரைக்கும் எம்பக்கத்துல ஒரு எலை போட்டு வச்சிருந்தேன்லே. நானா மொய் கேட்டேன்?"

ஷேர் ஆட்டோ வந்தது. அவர் ஏறிக்கொண்டார். உள்ளே இடம் இருந்தது; வா என்று சொல்லவில்லை.

ஒன்றாம் தேதி ஆனந்த்ராஜ் வாடகையை முழுசாகக் கொடுத்தார்.

"வேலைக்குப் போகலையாண்ணே?" என்றார் வீட்டுக்காரப் பெண் பாஸிலா.

"இல்லம்மா. மில்லு மூடிட்டாக."

பாஸிலா உள்ளே போய்விட்டார். அன்று யாரோடும் அவ்வளவுதான் பேச்சு. ஆனந்த்ராஜ் இன்னும் கொஞ்ச நேரம் படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.