உருகாத கந்தகம்

என் கை அழுக்கு என்று மேட்ரன் எழுதிய ஒரு தாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். ஆலங்குடிப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ் படிப்பில் இருந்தேன். திருச்சியில் பரீட்சை வைப்பார்கள். அதற்கு மேட்ரன் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அந்த வருஷம் அனுப்பவில்லை என்றால் குளத்தூரிலிருந்து அப்பா வந்து என்னை அழைத்துப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வீடுகூடப் பார்த்து வைத்திருந்தார். கெஞ்சி வாங்கிய ஒரு வருஷத் தவணை அது.

பரீட்சையில் தவறாமல் வருகிற கேள்வி கிருமி நீக்கம். எந்தக் கருவியை எந்த முறையில், எத்தனை டிகிரியில், எத்தனை நேரம் என்று சிறுகுறிப்பு எழுத வேண்டும். இங்கிலீஷ் புத்தகம் ஒன்றே ஒன்று, மேட்ரனின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. நாங்கள் படித்ததெல்லாம் எங்களுக்கு முன்னால் படித்தவர்களின் நோட்டு. அவர்கள் தங்களுக்கு முன்னால் இருந்தவர்களின் நோட்டைப் பார்த்து எழுதினார்கள். நாலு கட்டம் போட்ட பட்டியல் அது. கண்ணாடிக் குழாய், வாசலின், பவுடர் என்றால் வெப்பக்காற்று அடுப்பு, நூற்று அறுபது டிகிரி, ஒரு மணி நேரம். கட்டுத்துணி, பஞ்சு, மேலங்கி என்றால் ஆவியை அடைத்துச் சூடேற்றும் ஆட்டோகிளேவ், நூற்று இருபத்தோரு டிகிரி, பதினைந்து பவுண்டு அழுத்தம், இருபது நிமிஷம். இடுக்கி, கிண்ணங்களுக்குக் கொதிநீர் இருபது நிமிஷம். கத்தியும் கத்தரிக்கோலும் கொதித்தால் மழுங்கும், அதனால் லைசால் என்ற கிருமிநாசினியில் ஊறப் போட வேண்டும். கிருமியைத் தொட்டெடுக்கிற பிளாட்டினக் கம்பியைச் சுடரில் சிவக்கக் காட்ட வேண்டும். பல் விளக்கும்போதுகூட இதைச் சொல்லிக்கொண்டிருப்பேன். வெப்பக்காற்று அடுப்பை நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் அது கிடையாது. ஆனாலும் அதன் டிகிரி மட்டும் எனக்கு மனப்பாடம்.

ஆட்டோகிளேவ் ஒன்று இருந்தது. பித்தளை உடம்பு, மேலே அழுத்தம் காட்டும் முள், ஓரத்தில் ஆவி வெளியேற ஒரு குழாய். வெப்பமானி எப்போதோ உடைந்துவிட்டது. யுத்த காலத்தில் புதிதாக வாங்க வழியில்லை. ஸ்டவ்வில் சீமெண்ணெய் எரித்துத்தான் அதைச் சூடாக்க வேண்டும். சீமெண்ணெயோ அளந்து தரப்படும். அந்த வேலைக்கென்று ஓர் ஆள் இருந்தார். அண்ணே என்று கூப்பிடுவேன். நேர்மையான, சிக்கனமான மனுஷர். ஆவிக்குழாயிலிருந்து புஸ்ஸென்று ஆவி வந்ததும் உடனே திருகி மூடிவிடுவார்.

"ஆவி வெளிய போனா எண்ணெயில்ல தாயி போகுது. வீணாப் போக விடக் கூடாது" என்பார்.

அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. முள் பதினைந்தைத் தொட்டால் நேரம் பார்த்துக்கொள்வேன், இருபது நிமிஷம் ஆனால் போதும் என்பேன். பட்டியலில் இருப்பதும் அவ்வளவுதானே.

முதலில் கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கடலை விவசாயிக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. நான்காம் நாள் கட்டைப் பிரித்தால் சீழ். அடுத்த வாரம் இன்னொரு பெண்ணுக்கு அதே கதி. இரண்டு ஆபரேஷனிலும் கருவி எடுத்துக்கொடுத்தவள் நான். டாக்டர் கத்தினார். மேட்ரன் என்னைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னார். திருப்பித் திருப்பிப் பார்த்தார், சந்தையில் கத்தரிக்காய் பார்க்கிற மாதிரி.

"நகத்தைப் பாரு. ஒழுங்காத் தேய்ச்சுக் கழுவுறியா?"

"கழுவுறேன் மேடம். அஞ்சு நிமிஷம் பிரஷ் போட்டுத்தான் கழுவுறேன்."

"அப்பறம் சீழ் எங்கிட்டு இருந்து வந்துச்சு? வானத்துல இருந்தா?"

ஒரு தாளில் எழுதினார். கை சுத்தமில்லை, ஆபரேஷன் அறைக்குத் தகுதியில்லை. அதைக் கோப்பில் வைத்தார். கோப்பில் அது இருக்கும்வரை பரீட்சைக்கு அனுப்ப மாட்டேன் என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. லைசால் பட்டுப் பட்டு என் விரல்களில் தோல் உரிந்து கிடந்தது. சோறு பிசைந்தால் எரியும். அந்தக் கையைப் போய் அழுக்கு என்கிறார்களே என்று அன்று முழுவதும் எல்லோரிடமும் சிடுசிடுத்தேன். தோழி ஒருத்தி, எனக்கு ஒரு வருஷம் பின்னால் படித்தவள், என் தட்டில் குழம்பு ஊற்ற வந்தாள். அவளிடமும் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

மறுநாள் மேட்ரன் ரவுண்டு போன சமயம், அலமாரிச் சாவி பூட்டிலேயே தொங்கியது. திருட்டுத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். புத்தகத்தை எடுத்து ஆட்டோகிளேவ் பக்கத்தைப் புரட்டினேன். எங்கள் பட்டியல் அப்படியே இருந்தது. அதன் கீழே, பொடி எழுத்தில், எங்கள் யார் நோட்டிலும் இல்லாத இரண்டு வரி. உள்ளே இருக்கும் காற்று முழுவதும் வெளியேறி, ஆவி மட்டும் சீராக வந்த பிறகே குழாயை மூட வேண்டும். காற்று தங்கிவிட்டால் முள் பதினைந்து காட்டினாலும் உள்ளே அந்தச் சூடு இருக்காது.

எந்த மகராசி முதலில் நோட்டு எழுதினாளோ, கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று அந்த இரண்டு வரியை விட்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் வந்த நாங்கள் எல்லோரும் விட்டோம். கிருமிகளில் சிலது விதை மாதிரி ஓடு கட்டிக்கொண்டு கிடக்கும். அதைக் கொதிநீரின் சூடுகூடக் கொல்லாது. அதற்காகத்தான் ஆட்டோகிளேவே. அண்ணன் எண்ணெயை மிச்சம் பிடித்தார், நான் மணி பார்த்தேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து அரைவேக்காட்டுத் துணியை மனுஷர் வயிற்றில் வைத்துக் கட்டியிருக்கிறோம்.

மேட்ரனிடம் சொன்னேன். "முள்ளு பதினஞ்சு காட்டுதுல்ல? அப்பறம் என்ன? உன் கையை மறைக்க மிஷின் மேல பழி போடாத" என்றார்.

வெப்பமானி இல்லாமல் நான் எப்படி நிரூபிப்பது? கம்பவுண்டர் சிரங்குக் களிம்பு குழைத்துக்கொண்டிருந்தார். கல்வத்தில் மஞ்சளாகக் கந்தகம். கந்தகம் எந்தச் சூட்டில் உருகும் என்று கேட்டேன். அவர் தன் மருந்துப் புத்தகத்தைப் பார்த்து, நூற்றுப் பதினைந்து டிகிரிக்குக் கிட்டத்தில் என்றார். எனக்கு வேண்டியது அதுதான். காலியான ஊசிமருந்துக் கண்ணாடிக் குப்பி இரண்டில் கந்தகத் தூளைப் போடச் சொன்னேன். ஸ்பிரிட் விளக்கில் கழுத்தைச் சுட்டு மூடிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். என் கல்யாணத்தைத் தள்ளிப்போட என்றேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

அன்று ஆட்டோகிளேவுக்குள் போகும் துணி டிரம்மின் நடுவில் ஒரு குப்பியை வைத்தேன். அண்ணன் வழக்கம்போல ஆவி வந்ததும் குழாயை மூடினார். முள் பதினைந்து. இருபது நிமிஷம். திறந்து பார்த்தால் குப்பியில் கந்தகம் தூளாகவே கிடந்தது. அசைத்தால் சரசரவென்று ஓடியது.

டாக்டரைக் கையோடு கூட்டி வந்தேன். மேட்ரனும் வந்து நின்றார். இரண்டாவது குப்பியை வைத்துவிட்டு அண்ணனிடம், "இன்னைக்கு நான் சொல்ற வரைக்கும் மூடாதீங்கண்ணே" என்றேன்.

"எண்ணெய் போகுதே தாயி."

"போகட்டும்ண்ணே. என் பேரு போகுறத விடவா?"

ஆவி முதலில் விட்டுவிட்டு இருமியது, பிறகு ஒரே சீராக வந்தது. பத்து நிமிஷம் விட்டேன். அண்ணன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை, தன் ரத்தம் போகிற மாதிரி நின்றார். அப்புறம் மூடச் சொன்னேன். அதே பதினைந்து, அதே இருபது நிமிஷம். திறந்தபோது கந்தகம் உருகி ஒட்டி, அடியில் ஒரே கட்டியாக இருந்தது. அசைத்தேன், சத்தமே இல்லை.

டாக்டர் இரண்டு குப்பியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இனிமேல் ஆவி சீராக வந்த பிறகுதான் மூட வேண்டும், ஒவ்வொரு டிரம்மிலும் ஒரு கந்தகக் குப்பி இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இந்தப் பெண்ணைப் பரீட்சைக்கு அனுப்புங்கள் என்றும் சொன்னார். மேட்ரன் கிழித்தார். இரண்டாக மட்டும். என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னிப்பெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் கையைத் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

திருச்சியில் கேள்வித்தாள் வந்தது. முறை, கருவி, வெப்பம், நேரம், பொருத்திச் சிறுகுறிப்பு வரைக. நாலு கட்டம் போட்டேன். ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு, எதில் தவறும் என்று தலைப்பு எழுதினேன். அதில் காற்றைப் பற்றி எழுத எழுத மணி அடிக்கிற நேரம் நெருங்கிவிட்டது. கடைசி இரண்டு வரிசையை வெறும் எண்களாகப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். எழுத்தும் செய்முறையும் முடிந்து ஊர் திரும்பப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது.

பஸ்ஸை விட்டு இறங்கி ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறேன், நர்ஸ் அறை மூலையில் தோழி உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருக்கிறாள். நான் இல்லாதபோது ஒரு விரைவீக்க ஆபரேஷனில் அவள் கருவி எடுத்துக் கொடுத்தாளாம். சீழ் பிடித்துவிட்டதாம்.

"கை அழுக்குன்னு எழுதிட்டாங்கடி" என்றாள்.

ஆபரேஷன் அறைக்குப் போய் டிரம்மைத் திறந்தேன். துணிக்கு நடுவே குப்பி இருந்தது. எடுத்துக் காதருகில் அசைத்தேன். சரசரவென்று ஓடியது.

அண்ணன் கதவருகில் தலை குனிந்து நின்றார். "எண்ணெய் இந்த மாசம் பாதிதான் தாயி வந்துச்சு. மேட்ரனம்மாதான் பழையபடி ஆவி வந்ததும் மூடச் சொன்னாக."

குப்பியை எடுத்துக்கொண்டு மேட்ரன் அறைக்குப் போனேன். மேஜைமேல் தோழியின் கோப்பு திறந்து கிடந்தது. அதில் அந்தத் தாள், என் தாளில் இருந்த அதே வாசகம், பெயர் மட்டும் வேறு. குப்பியை அதன் மேல் வைத்தேன்.

மேட்ரன் குப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீதான் பரீட்சை எழுதிட்டு வந்துட்டியே. இன்னும் என்ன ஒனக்கு?"