நகராத மேகம்

ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் முப்பது வருடம் ரிசீவர் பார்த்தவருக்குச் சந்தேகசாமி என்று பட்டப்பெயர். ஓய்வு பெறும் வாரத்தில் ஆய்வுத் தலைவி புதிய வாயுமேகம் ஒன்றைக் கண்டுபிடித்து, "அண்ணே, உங்க பேரையே வைக்கப் போறோம்" என்றாள். அவர் மனைவி அதற்குள் உறவு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

அவரோ மூன்று மாதப் பதிவுகளை விரித்தார். ஹைட்ரஜன் அணுவில் புரோட்டானோடு ஒரே பக்கம் சுழலும் எலக்ட்ரான் தலைகீழாகப் புரண்டால் இருபத்தோரு சென்டிமீட்டர் அலை பிறக்கும். தனி அணு அப்படிப் புரளச் சராசரியாக ஒரு கோடி வருடம் சோம்பல் முறிக்கும். மேகத்தில் அணுக்கள் எக்கச்சக்கம் என்பதால் நமக்குக் கேட்கிறது. பூமி சூரியனைச் சுற்றி ஓடும்போது மேகத்தை நெருங்கியும் விலகியும் போவதால் அந்த அலைவரிசை மாதத்துக்கு மாதம் நகர வேண்டும். இது இம்மியும் நகரவில்லை.

"மேகம் நம்ம கூடவே வருதும்மா."

"எங்கண்ணே இருக்கு?"

"பக்கத்து ரூம்ல."

அங்கிருந்து நிலையத்துக்கு நேரம் சொல்லும் ஹைட்ரஜன் கடிகாரமும் அதே புரளலை வைத்துத்தான் ஓடுகிறது. அதன் உலோகப் பெட்டியின் கதவு சரியாக மூடாததால் அலை வெளியே கசிந்துகொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு முன் அதைத் துடைத்து மூடியவர் இவரே. இப்போது அழுத்தி மூடினார். திரையில் கோடு மறைந்தது.

"உங்க பேரு போச்சேண்ணே!"

"எங்கம்மா போச்சு? கதவை மூடாதது யாருன்னு ரிப்போர்ட்ல எழுதணும்ல, அங்க போடு."