சிவப்பு அட்டை கட்டாத ஆறு மெஷின்கள்

துணி துவைக்கும் மெஷின்களை மொத்தமாக விற்கும் கம்பெனியில் கிடங்கு பார்த்தவர் அவர். மூன்று அக்காள்களுக்கும் ஒரு தங்கைக்கும் நடுவே பிறந்தவர். கிடங்கில் எல்லாரும் அவரைப் ‘பூட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மெஷினை ஒருவருக்கு என்று ஒதுக்கி வாங்குபவர் பேர் கம்ப்யூட்டரில் ஏறியதும், மெஷின் கழுத்திலும் இவர் சிவப்பு அட்டை ஒன்று கட்டிவிடுவார். அப்புறம் அதை யாராலும் அசைக்க முடியாது.

அன்று காலையிலேயே அவருக்கு முழங்கால் வலி. கேட்டில் ஹாரன் சத்தம். தங்கை புருஷன் வேனோடு வந்து நின்றான். இருந்த வேலையை விட்டுவிட்டு சலவைக்கடை வைக்கிறான், திங்கட்கிழமை திறப்பு.

“மச்சான், ஆறையும் ஏத்திடலாமா?”

“எந்த ஆறு மாப்பிள்ளை?”

“விளையாடாதீங்க. போன மாசமே ஆர்டர் கொடுத்துட்டேனே.”

கிடங்கில் ஆறு மெஷின் இருந்தது வாஸ்தவம். ஆறிலும் சிவப்பு அட்டை. எல்லாம் முதியோர் இல்லத்துப் பேரில்.

ஆர்டர் எழுதிய சேல்ஸ்மேன் தலையைச் சொறிந்தபடி வந்தான். “அண்ணே, எழுதும்போது ஆறும் சும்மாதான் நின்னுச்சு. உங்க தங்கச்சி வீட்டு ஆர்டராச்சே, நீங்க பாத்துக்குவீங்கன்னு ஒதுக்காம விட்டுட்டேன்.”

“நானும் அப்படித்தான் மச்சான் நெனச்சேன்,” என்றான் மாப்பிள்ளை.

பூட்டு அங்கிருந்த பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். ஆர்டர் எழுதிவிட்டால் போதுமா? ஒதுக்காதவரை கம்ப்யூட்டருக்கு அது யார் பேரிலும் இல்லாத சரக்குதான். அடுத்த வாரமே வேறொரு சேல்ஸ்மேன் அதே ஆறையும் முதியோர் இல்லத்துக்கு ஒதுக்கிவிட்டான். அவன்மேல் தப்பில்லை. பூட்டு கையாலேயே அட்டையும் கட்டியாகிவிட்டது. வீட்டு ஆர்டர் ஒன்று கிடக்கிறது என்று அவருக்கு ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை.

மேனேஜர் மாடியிலிருந்தே குரல் கொடுத்தார். “அட்டையைக் கழட்டி இவருக்குக் கொடுங்க. இல்லத்துக்கு அடுத்த வாரம்தானே. புது லோடு நாளைக்கு வந்துடும்.”

“இந்த ‘நாளைக்கு’ பொறந்தே ரெண்டு வாரமாச்சு சார்,” என்றார் பூட்டு. “லாரி வரலைன்னா அந்தப் பெரியவங்க படுக்கை விரிப்பை நீங்களா துவைக்கப் போறீங்க?”

மேனேஜர் உள்ளே போய்விட்டார்.

பூட்டு போனை எடுத்து முதியோர் இல்லத்து மேட்ரனையே கூப்பிட்டார். சொந்தக்காரர் ஆர்டர் என்பதையும் மறைக்கவில்லை. “முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லிடுங்கம்மா.”

அந்த அம்மா கணக்குப் பார்த்துச் சொன்னாள். “எங்களுக்கு இப்போதைக்கு நாலுக்குத்தான் கரண்ட் இழுத்திருக்காங்க. ரெண்டு எடுத்துக்குங்க. ஆனா வர்ற லாரியில மொத ரெண்டு எங்களுக்கு. வாய்ப் பேச்சா விட்டுடாதீங்க.”

விடவில்லை. ரெண்டு அட்டைகளைக் கழற்றி மாப்பிள்ளை பேரில் மாற்றினார். வரவேண்டிய லோடில் முதல் ரெண்டு இல்லத்துக்கு, அதற்கடுத்த நாலு மாப்பிள்ளைக்கு என்று கம்ப்யூட்டரிலும் பதிந்தார்.

“ரெண்டா? ரெண்டை வெச்சு கடையா திறக்கிறது? மிச்சம் எந்தத் தேதிக்கு வரும்?”

“தேதி சொல்லி ஏமாத்த மாட்டேன். லாரி கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் கூப்பிடுறேன்.”

மாப்பிள்ளை வேன் கதவை அறைந்து சாத்தினான். சற்று நேரத்தில் தங்கை போன்.

“அண்ணன்னு ஒருத்தன் அங்கேயே குந்தியிருந்தும் எங்களுக்கு இந்தக் கதியா?”

“அண்ணன் இருக்கான்னுதாம்மா எல்லாரும் சும்மா இருந்துட்டீங்க.”

அவள் போனை வைத்துவிட்டாள்.

கடை ரெண்டு மெஷினோடுதான் திறந்தது. மிச்சத் துணியைத் தங்கை கையால் துவைத்தாள். தோள்பட்டை கழன்றுபோகிறது என்று அக்காள்களிடம் அழுதாளாம். மூன்று பேரும் முறைவைத்து போன் செய்து பூட்டைத் திட்டினார்கள்.

லாரி வந்தபோது ஆறுக்கு ஐந்துதான் இறங்கியது. ஐந்தாவது இறங்குவதற்குள் முதல் ரெண்டுக்கும் இல்லத்து அட்டை ஏறிவிட்டது. மிச்சம் மூன்றும் மாப்பிள்ளைக்கு. ஒன்று இன்னும் பாக்கி. அதையும் அவரே போனில் சொல்லி, அதற்கும் ஒரு தரம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அது அடுத்த லோடில்தான் வந்தது.

கொஞ்ச காலம் கழித்து, துணி உலர்த்தும் மெஷின் ஒன்று வேண்டும் என்று தங்கையே கிடங்குக்கு வந்தாள். அண்ணன் முகத்தைப் பார்க்காமலே சேல்ஸ்மேனிடம் ஆர்டர் சொன்னாள். சொல்லிவிட்டுப் போகவும் இல்லை. மெஷின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

“என்னம்மா?”

“அட்டையைக் கட்டு. கட்டினதப் பாத்துட்டுத்தான் போவேன்.”

பூட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சிவப்பு அட்டையைத் தேடி எடுத்தார்.