முடிவெடுக்க வேண்டியவர்

கண்டியில் நான் வேலை பார்ப்பது ஒரு சிறிய கட்டட நிறுவனத்தில். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊரில் வீடு கட்டிக் கொடுக்கிறோம். வெள்ளிக்கிழமைதோறும் அவர்களுக்கு வாராந்த மின்னஞ்சல் அனுப்புவது என் பொறுப்பு. முடிந்த வேலை, தடை, உங்களிடமிருந்து வர வேண்டிய முடிவு என்று அதில் மூன்று பகுதிகள் இருக்கும்.

வத்தேகம பக்கம் ஒரு வீடு. உரிமையாளர்கள் அண்ணனும் தம்பியும். அண்ணன் கனடாவில், தம்பி லண்டனில். மின்னஞ்சல் இருவருக்கும் சேர்த்தே போகும். முன்சுவர் எழும்பிய படத்துக்கு, 'சூப்பர்' என்று தம்பி எழுதுவார். அண்ணன் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புவார். மூன்றாவது பகுதிக்கு மட்டும் பதிலே வராது.

அங்கேதான் விஷயம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் மேட்டை வெட்டியாகிவிட்டது. மண்ணைத் தாங்கும் சுவரை ஒரே உயரமாகக் கட்டினால் செலவு கூடும். இரண்டு படியாகக் கட்டினால் பின் அறை சுருங்கும். எதுவென்று தெரியாமல் எஞ்சினியர் அந்தச் சுவருக்கு வரைபடம் தர மாட்டார். வெட்டிய மேட்டை மழை நனைக்காதபடி படங்கு விரித்து மூடியிருந்தோம். அதற்கு மேலே, சமையல் புகை எழும் அயல்வீட்டுக் குசினி. ஒவ்வொரு தடவை போகும்போதும் அங்கிருந்து பிள்ளைகளின் சத்தம் கேட்கும்.

"மிஸ், மழை நம்ம ஈமெயில பாத்துட்டா வரும்?" என்று சுவர் வேலை பார்க்கும் மேசன் பாஸ் கேட்டார். எரிச்சலில் முறைத்தேன். ஆனாலும் அவர் கேட்டது நியாயம்.

அன்று அலுவலகத்தில் வீட்டு வரைபடத்தைப் பிரித்தேன். பின் அறை அண்ணனுடையது. பணத்தில் பெரும்பங்கு தம்பியுடையது. அப்போதுதான் உறைத்தது. உங்கள் அறையைக் குறைக்கலாமா என்று தம்பி வாய் திறக்க மாட்டார். எனக்காக அதிகம் செலவழி என்று அண்ணனும் சொல்ல மாட்டார். 'உங்கள் முடிவு' என்று நான் எழுதிக்கொண்டிருக்க, இருவரும் மற்றவர் சொல்லட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை படம் எதுவும் அனுப்பவில்லை. முடிவுப் பகுதியை முதலில் வைத்தேன். 'முடிவெடுக்க வேண்டியவர்: அண்ணன். புதன்கிழமைக்குள். தாமதித்தால் மழையில் மேடு சரியலாம். மேல் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.'

மறுநாளே அண்ணன் தொலைபேசியில் வந்தார்.

"தம்பி சொல்லியா என் பேரைப் போட்டீங்க?"

"இல்லங்க சார். உங்க அறை, அதனால நானாத்தான் போட்டேன்."

அவர் குரல் இறங்கியது. "இரண்டு படியாவே கட்டுங்க மிஸ். எனக்குச் சின்ன அறை போதும். இதை நானாச் சொன்னா அவன் கேக்க மாட்டான், பெருசாத்தான் கட்டுவான். நீங்க கேட்டீங்க, சொல்லிட்டேன்."

மழை இறங்கும் முன் கீழ்ச்சுவர் எழும்பிவிட்டது. அடுத்த கேள்வி குசினி மேடையைப் பற்றியது. பழக்கத்தில் மீண்டும் அண்ணன் பெயரையே போட்டுவிட்டேன். உடனே அவரிடமிருந்து பதில் வந்தது:

'இதுக்குத் தம்பி பேரைப் போடுங்க. அவனையும் யாராவது கேக்கணும்ல.'