நிறம் மாறாத இரண்டாம் வட்டம்

நகரத் திட்ட அலுவலகத்தில் அவருக்கு ‘வட்டம்’ என்று பெயர். முகத்துக்கு நேரே ‘சார்’, முதுகுக்குப் பின்னால் ‘வட்டம்’. எந்தப் பேச்சை எடுத்தாலும் வட்டத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற மனிதரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? நடுவில் கடைத்தெருவும் அலுவலகங்களும் முதல் வட்டம். அதை ஒட்டி, கடைகள் வந்து விழுங்கக் காத்திருக்கிற பழைய வீடுகள் இரண்டாவது. தொழிலாளர் குடும்பங்கள் மூன்றாவது. வசதியானவர்கள் நான்காவது. தினமும் ரயிலேறி வேலைக்கு வந்து போகிறவர்கள் ஐந்தாவது. நகரம் உள்ளிருந்து வெளியே வளர்கிறது, ஒவ்வொரு வட்டமும் அடுத்ததைத் தள்ளுகிறது என்பார். “ரயில் பாதையும் ஆறும் குறுக்க வந்து வட்டத்தைக் கோணலாக்கும். ஆனா கணக்கு மாறாது” என்று தானே சேர்த்துக்கொள்வார்.

அவர் குடியிருந்தது நான்காவது வட்டத்தில், மச்சானின் வீட்டில். வாடகை இல்லை. அதற்குப் பதில் மச்சான் வருகிறபோதெல்லாம் எழுந்து நிற்க வேண்டும். மனைவியின் அண்ணன் அவர். இரண்டாம் வட்டத்தில் இரண்டு தெரு முழுக்க அவர்கள் குடும்பத்துச் சொத்து.

அந்தத் தெருக்களின் வழியாகத்தான் கார் ஊருக்குள் போக வேண்டும். சாலை திரும்பியதும் வட்டம் மனைவியிடம் சொல்வார்: “கண்ணாடிய ஏத்து. இங்க இருக்கறவங்க எப்படிப்பட்டவங்கன்னு எனக்குத் தெரியும்.” அவள் உடனே ஏற்றுவாள். தெருக்களைப் பற்றி அத்தனை படித்தவர், தெருவாசியைக் கண்டால் கதவைப் பூட்டினார். இந்த லட்சணத்தில்தான் மனிதர் ஆராய்ச்சியாளர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் வந்தார். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

“மாப்பிள்ளை, புதன்கிழமை கவுன்சில்ல உங்க வரைபடத்தைக் காட்டப் போறாங்களாமே?”

“ஆமா மச்சான்.”

“ரெண்டாவது வட்டம் அதுல கன்னங்கரேல்னு இருக்காமே. திருட்டு, அடிதடி, போதை, எல்லாம் அங்கதானாம்?”

“பையன்க மேல கோர்ட்டுக்குப் போன வழக்கு. குற்றம் நடந்த இடத்த வச்சு இல்ல, பையன் குடியிருக்கற வீட்ட வச்சுப் புள்ளி போட்டிருக்கேன். அங்க இருக்கற நூறு பையன்ல எத்தனை பேர்னு கணக்கு.”

“அது போதும். அந்த ஜனங்களோட ரத்தத்துலயே இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஆபத்தான பகுதின்னு தீர்மானம் போட்டா, சட்டப்படி எல்லாரையும் காலி பண்ணலாம். கடைக்காரன் எடத்துக்குக் காத்துக் கெடக்கான்.”

“வரைபடம் அப்படிச் சொல்லலையே.”

மச்சான் சிரித்தார். “உங்க வீட்டு வரைபடம் என்ன சொல்லுது? யாரு வீட்டுக் கூரைக்குக் கீழ தூங்குறீங்கன்னு அதுல இருக்கா?”

சமையலறை வாசலில் நின்று மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் போன பிறகு பேசினாள். “உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணாதீங்க. அவ்வளவுதான்.”

அவர் கார் சாவியை எடுத்தார். கோபத்தில் வேறெங்கும் போகத் தோன்றாமல் அந்தத் தெருக்களுக்கே போனார். முதன்முறையாகக் காரை விட்டு இறங்கினார். ஓடு சரிந்த கூரைகள். ஐந்து குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை. சுவரில் ஈரம், அதன்மேல் ஈரம். விசாரித்த வீடுகளில் பெரும்பாலானவர்கள் வந்து இரண்டு வருஷம் ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. கூரையைப் பற்றிக் கேட்டதற்கு, அங்கேயே தங்கிவிட்ட ஒரு வயதான பெண்மணி கையை விரித்தாள். “நாளைக்கு இடிக்கப் போற வீட்டுக்கு எதுக்கு ஓடுன்னு கேக்கறாரு வீட்டுக்காரரு. எங்க மாமியா காலத்துலேருந்து நாளைக்குத்தான் இடிக்கறாரு.”

புதன்கிழமை நகர மன்றத்தில் கூட்டம் நெரிந்தது. முன்வரிசையில் வீட்டுச் சொந்தக்காரர்கள், இஸ்திரி போட்ட சட்டையில். குடியிருப்பவர்களுக்கு நாற்காலி இல்லை, சுவரோரம் நின்றார்கள். மச்சான் எழுந்து முழங்கினார்.

“இது நான் சொல்றதில்லைங்க. என் சொந்த மாப்பிள்ளை, அரசாங்க அதிகாரி, அவர் போட்ட படம் சொல்லுது. குற்றம் இந்த ஜனங்களோட பொறந்தது. இவங்களத் தூக்கினா ஊரு சுத்தமாயிடும்.”

சுவரோரத்திலிருந்து யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். மன்றத் தலைவி மேசையைத் தட்டினார். கண்ணாடிக்கு மேலாக வட்டத்தைப் பார்த்தார்.

“உங்க படம் அப்படியா சொல்லுது? ஆமாவா, இல்லையா?”

வட்டம் எழுந்தார். ‘ஆமா’ என்று ஒரு வார்த்தை. வீடும் மிஞ்சும், நிம்மதியும் மிஞ்சும். அவர் பையிலிருந்து ஒளி ஊடுருவும் மூன்று ட்ரேசிங் தாள்களை எடுத்தார்.

“இல்லைங்க. இது முப்பது வருஷத்துக்கு முந்தினது” என்று முதல் தாளை மேசைமேல் இருந்த கண்ணாடிப் பலகையில் விரித்தார். அடியில் விளக்கு எரிந்தது. நடுவை ஒட்டி ஒரு கருப்பு வளையம், வெளியே போகப் போக வெளுத்துக்கொண்டே போனது. “அப்ப அங்க இருந்தவங்க துறைமுகக் கூலிங்க.” இரண்டாவது தாளை அதன்மேல் வைத்தார். “இது மில்லுக்கு வந்தவங்க.” மூன்றாவதையும் வைத்தார். “இப்ப இருக்கறவங்க பெரும்பாலும் போருக்குத் தப்பி வந்தவங்க. மொழி வேற, சாமி வேற. ஜனம் ரெண்டு தடவை மாறிடுச்சு. கருப்பு அதே எடத்துல இருக்கு.”

தலைவி எழுந்து வந்து குனிந்து பார்த்தார். “முன்னாடி இருந்தவங்க எங்க போனாங்க?”

“கொஞ்சம் காசு சேர்ந்ததும் மூணாவது வட்டத்துக்கு. பாருங்க, அங்க அவங்க பிள்ளைங்க மேல வழக்கு கொறஞ்சிடுச்சு. ரத்தம்னா கூடவே போயிருக்கணுமே?”

“அப்ப அந்தத் தெருவுல ஒவ்வொரு பையனும்…”

“இல்லைங்க. வழக்கில்லாத பையன்தான் அங்கயும் அதிகம். இது எடத்தோட கணக்கு, ஆளோட கணக்கு இல்ல. போலீஸ் அங்க ரெண்டு மடங்கு சுத்துது, அதனாலயும் புள்ளி கூடும். ஆனா முக்கியமானது வேற. யாரும் நெலைக்க முடியாத எடம். ஒருத்தருக்கொருத்தர் தெரியாது, பிள்ளைங்களக் கண்டிக்க ஆளில்லை. இவங்களத் தூக்கினா கடைத்தெரு நீளும், அதை ஒட்டி அடுத்த தெரு இப்படி ஆகும்.”

“அப்ப இதுக்கு யாருங்க காரணம்?” என்று கேட்டார் தலைவி.

இதற்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கலாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஊர் உலகமே நடக்கிறது. ஆனால் அவர் மச்சானின் இஸ்திரிச் சட்டையைப் பார்த்தார், ஞாயிற்றுக்கிழமைச் செருப்பு நினைவுக்கு வந்தது, வாய் தானாகத் திறந்தது.

“முப்பது வருஷமா அந்தத் தெருவுல மாறாத ஆளுன்னா ஒரே ஒருத்தர்தாங்க. வீட்டுக்காரர். இன்னைக்கு விப்போம், நாளைக்கு விப்போம்னு ஒரு ஓடு மாத்தல. வாடகை மட்டும் தவறாம வாங்கினாரு. எரியற வீட்டுல பிடுங்கினது லாபம். அவரு என் மச்சான்.”

சுவரோரம் முழுக்கச் சிரித்தது. மச்சான் சிரிக்கவில்லை.

ஆபத்தான பகுதி என்ற தீர்மானம் தோற்றது. கூரையைச் சரிசெய்யச் சொல்லி சொந்தக்காரர்களுக்கு உத்தரவு போனது. சாயங்காலம் வட்டம் வீட்டுக்குப் போனபோது பூட்டு மாறியிருந்தது. மணியடித்துப் பார்த்தார். உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை.

தனியாள், உடனே வேண்டும், அட்வான்ஸ் கொடுக்கக் கையில் காசில்லை என்று தரகரிடம் சொன்னார். அப்படிப்பட்ட ஆளுக்கு எந்த ஊரிலும் அறை எங்கே கிடைக்கும் என்பதை அவரே எத்தனையோ கூட்டத்தில் விளக்கியிருக்கிறார். இரண்டாம் வட்டத்தில், மாடிப்படி இருட்டில், ஒற்றை அறை கிடைத்தது.

ஒரு வாரம் கழித்து மனைவி போன் செய்தாள். துணிமணிகளைக் கொண்டுவருவதாகச் சொன்னாள். அவர் முகம் கழுவி, சட்டை மாற்றி, வாசலில் போய் நின்றார். அறைக்குள் அவள் உட்கார ஒரு நாற்காலி கூட இரவல் வாங்கிப் போட்டிருந்தார். கார் வந்தது. அவள் இறங்கவில்லை. ஜன்னல் வழியாகப் பையை நீட்டினாள்.

“உள்ள வந்துட்டுப் போயேன்” என்றார்.

அவள் அவருக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள், படியில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள், அவரையும் அதே கண்ணால் பார்த்தாள்.

பிறகு கண்ணாடியை ஏற்றினாள்.